தவணையில் வரும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும்? படிப்படியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாளைக் கிடைக்கும் பலாக்காயை விட இன்று கிடைக்கும் களாக்காயே மேல் என்பார்கள். சரி, ஆனால் பலாக்காய் எவ்வளவு பெரிதாக இருந்தால் காத்திருக்கலாம்? அதைத்தான் இங்கே கணக்காகப் போடப் போகிறோம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

உங்கள் பழைய காரை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இன்றைக்கே 90,000 ரூபாய் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். இன்னொருவரோ வருடத்துக்கு 36,000 வீதம் மூன்று வருடம் தருகிறேன், முதல் தவணை இன்றிலிருந்து சரியாக ஒரு வருடம் கழித்து என்கிறார். மூன்று தவணையையும் கூட்டினால் 1,08,000. 18,000 அதிகம் கிடைக்கிறதே என்று உடனே இரண்டாமவரிடம் கை நீட்டத் தோன்றும். நானும் வெகு நாள் அப்படிக் கூட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மூன்று 36,000-மும் வேறு வேறு தேதியில் வருபவை, அவற்றை அப்படியே கூட்டுவது மீட்டரையும் அடியையும் கூட்டுவது போலத்தான். முதலில் மூன்றையும் இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டும்.

முதல் படி: உங்கள் விகிதம் எது?

விலைவாசி ஏறுவதால்தான் அடுத்த வருட ரூபாய்க்கு மதிப்புக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் ஒரு பொருளின் விலைகூட ஏறாத உலகத்திலும் இன்றைய ரூபாய்தான் உசத்தி, ஏனென்றால் கையில் இருக்கும் ரூபாயை வட்டிக்கு விடலாம், வராத ரூபாயை விட முடியாது. போதாக்குறைக்கு, வருகிறேன் என்ற பணம் வராமலும் போகலாம்.

அதனால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பணம் இன்றைக்கே வந்தால் அதை என்ன செய்வேன்? வைப்புநிதியில் 8% வட்டிக்குப் போடுவீர்கள் என்றால் உங்கள் விகிதம் 8%. (வட்டிக்கு வரி கட்டுபவரானால், வரி போக மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.) தலைக்கு மேல் 12% வட்டிக் கடன் இருந்து அதை அடைப்பீர்கள் என்றால் 12%. இந்த ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது, மீதி வெறும் வகுத்தல்.

இரண்டாம் படி: ஒவ்வொரு தவணையையும் பின்னோக்கி இழுப்பது

8% என்று வைத்துக்கொண்டால், இன்றைய 100 ரூபாய் அடுத்த வருடம் 108 ஆகிறது. அதைத் திருப்பிப் பார்த்தால், அடுத்த வருடம் வரும் 108 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 100. அதாவது முன்னோக்கிப் போக 1.08-ஆல் பெருக்கல், பின்னோக்கி வர 1.08-ஆல் வகுத்தல், எத்தனை வருடமோ அத்தனை தடவை.

```
வருடம் 1: 36000 / 1.08   = 33,333
வருடம் 2: 36000 / 1.08^2 = 30,864
வருடம் 3: 36000 / 1.08^3 = 28,578
மொத்தம்                  = 92,775
```

இதைத்தான் தற்போதைய மதிப்பு என்கிறார்கள். ரொக்கமாகத் தருபவரின் 90,000-ஐ விட இது 2,775 அதிகம், ஆகவே 8% ஆளுக்குத் தவணைதான் லாபம். ஆனால் வித்தியாசம் 18,000 இல்லை, அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்றாம் படி: நம்பிக்கை இல்லையென்றால் சரிபாருங்கள்

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கும் கண்கட்டு வித்தை மாதிரிதான் இருந்தது. அதனால் நேராகச் செய்து பார்ப்போம். இன்றைக்கு 92,775 ரூபாயை 8%-க்குப் போடுகிறீர்கள். வருட முடிவில் 1,00,197 ஆகிறது, அதில் 36,000 எடுத்துவிட்டால் மீதி 64,197. அது அடுத்த வருட முடிவில் 69,333 ஆகும், மறுபடி 36,000 எடுங்கள், மிஞ்சுவது 33,333. மூன்றாம் வருடம் அது வட்டியோடு 36,000-ஐத் தொடுகிறது (சில்லறை காசுகளைக் கழித்திருக்கிறேன்), அதையும் எடுத்துவிட்டால் கணக்கு காலி. ஆக, 92,775 கையில் இருந்தால் அந்த மூன்று தவணைகளையும் நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம், பைசா மிஞ்சாது, குறையாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது இதனால்தான்.

நான்காம் படி: விகிதத்தை மாற்றிப் பார்ப்பது

இதே தவணைகளை 10%-க்குப் போட்டால் 89,527 வருகிறது, அதாவது ரொக்கம் முந்திவிடுகிறது. கடன்காரரின் 12%-க்கு வெறும் 86,466 தான். தவணை அதேதான், ஆள்தான் வேறு. அதனால் நண்பர் தவணையில் விற்று லாபம் பார்த்தார் என்பதற்காக நீங்களும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

8%-க்கும் 10%-க்கும் நடுவில் எங்கோ இரண்டும் சமமாக வேண்டும் இல்லையா? எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இப்படி அடித்தால் தெரிந்துவிடும்:

```
=RATE(3, 36000, -90000)
```

விடை சுமார் 9.7%. அதாவது தவணைக்கு ஒத்துக்கொண்டால், நீங்கள் அவருக்கு 90,000 ரூபாயை 9.7% வட்டிக்குக் கடன் கொடுத்த மாதிரி. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த எண் இதுதான், ஏனென்றால் கேள்வி இப்போது எளிதாகிவிட்டது: முன்பின் தெரியாத ஒருவருக்கு, அடமானம் எதுவும் இல்லாமல், மூன்று வருடத்துக்கு 9.7%-க்குக் கடன் கொடுப்பீர்களா? வைப்புநிதியில் 8% கிடைக்கும்போது 1.7% கூடுதலுக்காக நான் கொடுக்க மாட்டேன். ஒரு தவணை வராமல் போனாலே அந்த 2,775 போய், முதலிலும் கைவைத்துவிடும்.

எங்கே தவறு நடக்கும்?

மொத்தத்தையும் ஒரே வரியில் `=PV(0.08, 3, -36000)` என்று அடித்தும் 92,775-ஐ வாங்கலாம். ஆனால் வருடத்துக்கு 36,000-க்குப் பதில் மாதம் 3,000 வீதம் 36 மாதம் என்று பேச்சு மாறினால், பலர் 3-ஐ 36 ஆக்கிவிட்டு விகிதத்தை 0.08 ஆகவே விட்டுவிடுவார்கள். அப்போது 35,152 என்று வரும். 1,08,000 ரூபாய் மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறதா என்று அங்கேயே சந்தேகம் வர வேண்டும், கணினி 8%-ஐ மாத வட்டியாக எடுத்துக்கொண்டுவிட்டது. 0.08/12 என்று போட்டால் 95,735 வரும். பணம் சீக்கிரம் சீக்கிரம் வருவதால் வருடத் தவணையை விட இது கொஞ்சம் அதிகமாக இருப்பதுதான் சரி.

இன்னொன்று, முதல் தவணை எப்போது என்பது. அவர் முதல் 36,000-ஐ இன்றைக்கே கொடுத்து, மீதி இரண்டை ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத் தருகிறேன் என்றால், இன்றைய 36,000-ஐ எதாலும் வகுக்கக் கூடாது, அது ஏற்கெனவே இன்றைய ரூபாய். 36,000 + 33,333 + 30,864 என்று கூட்டினால் 1,00,197. `NPV` என்ற சூத்திரத்தில் மூன்றையும் மொத்தமாகப் போட்டால் அது முதல் தொகையும் ஒரு வருடம் கழித்து வருவதாக நினைத்துக்கொண்டு பழைய 92,775-ஐயே காட்டும், எந்த எச்சரிக்கையும் வராது. இன்றைய தொகையை வெளியே எடுத்துக் கூட்ட வேண்டும்:

```
=36000 + NPV(0.08, 36000, 36000)
```

இப்படி ஒருவர் வந்தால், கையில் 36,000 விழுந்த பிறகு பாக்கி நிற்பது இரண்டு தவணைதான் என்பதால், நானே ரொக்கக்காரரை விட்டுவிட்டு இவரிடம் சாவியைக் கொடுக்க யோசிப்பேன்.