கழுத்துப்பட்டி கட்டினால் மூளை கூர்மையாகுமா? ஆடை ஆய்வுகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில், வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பட்டதாரிகளுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தும் சிறிய வகுப்பொன்றில் நான் உதவி வருகிறேன். தேர்வு நாளில் மட்டுமல்லாமல் எல்லாப் பயிற்சி நாள்களிலும் ஆண்கள் கழுத்துப்பட்டியும் சப்பாத்தும் அணிந்து வர வேண்டும், பெண்கள் சேலை கட்டி வர வேண்டும் என்று ஒரு யோசனை அங்கே எழுந்தது. "நல்லா உடுத்திக்கொண்டு வந்தா மூளையும் நல்லா வேலை செய்யுமெண்டு ஆராய்ச்சியே சொல்லுது, சேர்" என்று, யோசனையைச் சொன்ன இளைஞர் ஒரு காணொளியை எல்லாருக்கும் காட்டி உறுதியாக வாதிட்டார். அவர் குறிப்பிட்ட ஆராய்ச்சி உண்மையானதுதான். ஆனால் அது சொன்னதற்கும் அவர் விளங்கிக்கொண்டதற்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது. சப்பாத்து வாங்குவதற்கே கணக்குப் பார்க்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகள் பலர் வரும் வகுப்பு என்பதால், அந்தத் தூரத்தை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று.

பலரும் செய்யும் முதல் தவறு, மூல ஆய்வு சம்பிரதாய உடையைப் பற்றியது என்று எண்ணிக்கொள்வது. 2012இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரையில்தான் 'என்குளோத்ட் கொக்னிஷன்' என்ற சொல் பிறந்தது. நாம் அணியும் உடை நம்முடைய சிந்தனைக்குள் புகுந்து வேலை செய்கிறது என்பது அதன் பொருள். அவர்கள் கையில் எடுத்தது கோட்டும் சூட்டும் அல்ல, ஆய்வுகூடத்தில் அணியும் வெள்ளை மேலங்கி. முதற் பரிசோதனையில் 58 மாணவர்கள் பங்கேற்றனர். 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் எழுதப்பட்டிருக்கும்போது, சொல்லை வாசித்துவிடாமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரிந்த எவருக்கும் நாக்குச் சறுக்கும் வேலை அது. சொல்லும் நிறமும் முரண்பட்ட இடங்களில், மேலங்கி அணிந்தவர்கள் மற்றவர்கள் விட்ட பிழைகளில் ஏறக்குறைய பாதியையே விட்டனர்.

அடுத்த பரிசோதனைதான் கருத்துக்கு உயிர் கொடுத்தது. அதே மேலங்கியைச் சிலருக்கு 'வைத்தியருடையது' என்றும் சிலருக்கு 'ஓவியருடையது' என்றும் சொல்லிக் கொடுத்தார்கள்; இன்னும் சிலருக்கு அணியக் கொடுக்காமல், வைத்தியரின் மேலங்கி என்று சொல்லி மேசையில் வைத்துப் பார்க்க மட்டும் விட்டார்கள். ஒன்றுபோல் தோன்றும் இரு படங்களுக்கிடையிலான சிறு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் பணியில், வைத்தியரின் அங்கி என்று நம்பி அதை அணிந்திருந்தவர்களே முன்னே நின்றனர். ஆகவே அவர்களுடைய வாதத்துக்கு இரண்டு கால்கள் உண்டு: உடைக்கு அணிபவரின் மனத்தில் ஒரு பொருள் இருக்க வேண்டும், அந்த உடை உடம்பிலும் இருக்க வேண்டும். துணியின் விலையோ இறுக்கமோ மினுக்கமோ இந்த வாதத்தில் எங்குமே வரவில்லை. கழுத்துப்பட்டி அவதானத்தைக் கூட்டும் என்று சொல்வதற்கு, கழுத்துப்பட்டியைக் கண்டதும் 'கவனமான ஆள்' என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் மனத்தில் எழுகிறது என்று முதலில் காட்ட வேண்டும். பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ வளர்ந்த ஒரு பையனுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளையையே நினைவூட்டும். மாப்பிள்ளைக் கோலத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் கூர்மை எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தவறு, 2012ஆம் ஆண்டோடு வாசிப்பை நிறுத்திவிடுவது. நிறமும் சொல்லும் முரண்படும் அந்த முதற் பரிசோதனையை பேர்ன்ஸும் அவருடைய சகாக்களும், இன்னதைத்தான் அளப்போம் என்று முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தனர். 2019இல் வெளிவந்த அவர்களுடைய முடிவில், மேலங்கி அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையில் எதிர்பார்க்கப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. 58 பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 29 பேர். அவ்வளவு சிறிய கூட்டத்தில் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் தோன்றக்கூடும். அதற்காக முழுக் கருத்தையும் தூக்கி வீசுவதும் அவசரமே. 2023இல் ஹோர்ட்டன், மூல ஆசிரியர்கள் இருவரோடும் சேர்ந்து, இத்துறையின் 40 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். தொடக்க கால ஆய்வுகளின் முடிவுகள் மீண்டும் கிடைக்குமா என்பதில் ஐயம் இருப்பதையும், 2015க்குப் பிந்திய ஆய்வுகள் கூடுதல் உறுதியோடு நிற்பதையும் அத்தொகுப்பு காட்டியது. கருத்தை முன்வைத்தவர்களே அதன் கணக்கையும் பார்த்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல் அதை வாசிப்பது நல்லது.

மூன்றாவது தவறே எங்கள் வகுப்பில் நடந்தது. சம்பிரதாய உடையை நேரடியாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று இருக்கிறது. மைக்கேல் ஸ்லெப்பியனும் மூவரும் 2015இல் வெளியிட்டது. சம்பிரதாயமாக உடுத்தியவர்கள் கூடுதல் அருவமாகச் சிந்திக்கிறார்கள் என்பது அதன் முடிவு. இந்த 'அருவமாக' என்ற சொல் கைமாறிக் கைமாறி வரும்போது 'சிறப்பாக' என்று ஆகிவிடுகிறது. அவர்கள் அளந்தது அறிவையோ வேகத்தையோ அல்ல, ஒரு செயலை எந்த மட்டத்தில் நின்று பார்க்கிறோம் என்பதை. கதவைப் பூட்டுவதை 'சாவியைத் துவாரத்தில் இடுவது' என்றும் சொல்லலாம், 'வீட்டைப் பாதுகாப்பது' என்றும் சொல்லலாம். இரண்டாவதைத் தெரிவுசெய்பவர் அருவமான மட்டத்தில் நிற்கிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வாய்க்காலின் மடையைத் திறப்பவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் 'பலகையைத் தூக்குகிறேன்' என்றும் சொல்லலாம், 'பயிரைக் காப்பாற்றுகிறேன்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரியான பதில்களே. உடை நம்மை மற்றவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, அதிகாரம் உள்ளவராக உணரச் செய்வதால் பார்வை அகலுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இப்போது வேலையைப் பாருங்கள். 'இந்தப் பிரதேசத்தின் பால் சேகரிப்பை எப்படி விரிவாக்குவீர்கள்' என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் அகன்ற பார்வை உதவக்கூடும். அடையாள அட்டை இலக்கங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பிழை பிடிக்கும் எழுத்துப் பரீட்சையில் அதே பார்வை உதவும் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை; சிறு விவரங்களை விட்டுப் பார்வை விலகுமானால் அது இடைஞ்சலாகவும் ஆகலாம். எங்கள் மாணவர்களுக்கு இரண்டு வகைப் பரீட்சையும் வரும். ஒரே உடையை இரண்டுக்கும் மருந்தாகக் கொடுக்க முடியாது.

அடுத்தது, அணிபவரின் மூளையில் நடப்பதையும் பார்ப்பவரின் மூளையில் நடப்பதையும் ஒன்றாகக் குழப்புவது. 2014இல் மைக்கேல் கிராஸும் வெண்டி மெண்டஸும் 128 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு தொழிற்சாலையை விற்பது போன்ற பாவனைப் பேரத்தில், சூட் அணிந்தவர்கள் சராசரியாக 21 இலட்சம் டொலர் கற்பனை இலாபம் ஈட்டினர். தங்கள் சொந்த உடையோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 15.8 இலட்சம், தொளதொளத்த விளையாட்டுக் காற்சட்டையும் பிளாஸ்டிக் செருப்பும் கொடுக்கப்பட்டவர்கள் 6.8 இலட்சம். ஆனால் எதிரே இருந்தவருக்கும் கண் இருந்தது. சூட்டைப் பார்த்து அவர் தளர்ந்தாரா, சூட் அணிந்தவர் நிமிர்ந்தாரா என்பதை இந்த இலாபத் தொகை மட்டும் பிரித்துக் காட்டாது. இந்த மூன்று எண்களில் எவரும் கண்டுகொள்ளாத ஒன்றும் உண்டு: சொந்த உடையிலிருந்து சூட்டுக்கு ஏறியதில் கிடைத்த இலாபத்தைவிட, சொந்த உடையிலிருந்து செருப்புக்கு இறங்கியதில் வந்த நட்டமே பெரிது. ஒரே ஆய்வை வைத்து விதி எழுதக்கூடாதுதான். ஆனாலும் துவைத்து மினுக்கிய சேர்ட்டோடு வருபவர் கோட் இல்லையே என்று கலங்கத் தேவையில்லை என்று எங்கள் மாணவர்களிடம் சொல்லும் துணிவை எனக்கு அது தந்தது.

கடைசித் தவறு, நாமே சோதித்துப் பார்க்கிறோம் என்று இறங்கும்போது வருவது. எங்கள் வகுப்பில் ஒருவர், நன்றாக உடுத்தி வந்தவர்களின் புள்ளிகளையும் சாதாரணமாக வந்தவர்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து, முதல் கூட்டமே உயர்வு என்று காட்டினார். நன்றாக உடுத்தி வந்தவர்களில் பலர் ஏற்கெனவே வேலை செய்து அனுபவப்பட்டவர்கள், நகரத்துக்கு அண்மையில் இருப்பவர்கள்; முல்லைத்தீவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த பிள்ளை சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்போடு உட்கார்ந்திருந்தது. அங்கே அளக்கப்பட்டது உடையா பயணமா?

சரியாகச் செய்வதென்றால் இப்படிச் செய்யலாம். 40 பேர் இருக்கிறார்கள், பிழை பிடிக்கக் கொடுக்கும் ஒரு பட்டியலில் 50 பிழைகளை ஒளித்து வைக்கிறோம், ஆளுக்கு ஆள் புள்ளி ஏறக்குறைய 6 அளவில் விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்குக் கழுத்துப்பட்டி, 20 பேருக்குச் சாதாரண உடை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தால், சராசரிகளுக்கிடையில் ஏறத்தாழ 4 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாது. அந்த எல்லையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை. அதைவிட, ஒவ்வொருவரையும் இரண்டு உடையிலும் சோதிப்பதே மேல். ஓர் ஆளின் இரு புள்ளிகளுக்கிடையிலான வித்தியாசம் 4 அளவில் விலகுமானால், அதே 40 பேரைக் கொண்டு ஏறத்தாழ 1.3 புள்ளி வித்தியாசத்தையும் கண்டுகொள்ளலாம்.

அதற்குச் சில காவல்கள் வேண்டும். இரண்டாம் முறை யாரும் பழக்கத்தால் நன்றாகச் செய்வார்கள். ஆகவே பாதிப் பேர் கழுத்துப்பட்டியோடும் பாதிப் பேர் அது இல்லாமலும் தொடங்க வேண்டும், பட்டியலும் இரண்டு வேண்டும், அவையும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட வேண்டும். திருத்துபவருக்கு யார் எதை அணிந்தார் என்று தெரியக்கூடாது. இரண்டு நாளும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். சித்திரை மாத மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழே கழுத்தை இறுக்கிக்கொண்டு இருப்பவருக்கு வியர்வை ஒரு தனிப் பாதிப்பு, அதை உடையின் பொருளோடு சேர்த்துக் கணக்கிடக்கூடாது. இரவல் சப்பாத்து கடிப்பதும் அப்படித்தான். எல்லாவற்றிலும் கடினமானது எதிர்பார்ப்பு: உடுத்தியிருப்பதை உடுத்தியவரிடமிருந்து மறைக்க வழியில்லை என்பதால், எந்த நாளில் புள்ளி கூடும் என்று நினைக்கிறோம் என்பதையாவது வாய்விடாமல் இருக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஆகவே இந்தக் குழுவை வைத்து இனி அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. கழுத்துப்பட்டியைப் பயிற்சியின் இறுதி இரு வாரங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் மூளை அல்ல. முடிச்சுப் போடவும், சப்பாத்தோடு நடந்து வந்து அமரவும், சேலைத் தலைப்பைச் சரிசெய்யாமல் பேசவும் தேர்வு நாளுக்கு முன்பே பழகிவிட்டால் அன்று கவனம் உடையின் மேல் போகாது என்பதே நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன காரணம்.