ஜெர்மனிக்குக் கிளம்பும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு: டிடி ஊசிச் சீட்டு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்

விடுமுறைக்கு வந்து மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தத் தெருவிலிருந்தே மூன்று பேர் அடுத்த சில மாதங்களில் நர்சிங் வேலைக்கும் படிப்புக்கும் ஜெர்மனி போகிறார்கள். விசா, மொழிச் சான்று, சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் ஏஜென்சிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். போய் இறங்கியதும் முகவரி பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு என்று வரிசையாக நடக்கும். அதில் யாரும் சிக்குவதில்லை. என் சித்தி மகன் சிக்கியது ஊசியில்.

அவனுக்கு 31 வயது. குலசேகரம் பக்கம் சித்தப்பாவுக்கு ரப்பர் தோட்டம். பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தால் ஒரு டிடி, ஆணி மிதித்தால் ஒரு டிடி, பைக்கிலிருந்து விழுந்தால் ஒரு டிடி. நம் ஊரில் யாரும் போன ஊசி எப்போது என்று கேட்பதில்லை, கிளினிக்கில் கையை நீட்டினால் போட்டு அனுப்பிவிடுவார்கள். கடைசி நான்கு வருடத்தில் மட்டும் நான்கு ஊசி. ஒன்றுக்கும் சீட்டு இல்லை.

2025 அக்டோபரில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே வேலையிட மருத்துவர் தடுப்பூசிப் புத்தகம் கேட்டார். ஜெர்மனியில் அது மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம். ஊசியின் பெயர், மருந்துக் குப்பியின் தொகுதி எண் ஒட்டிய ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். எழுத்தில் இல்லாத ஊசி அங்கே போடாத ஊசி. "நிறைய போட்டிருக்கிறேன்" என்று இவன் சொன்னது கணக்கில் வரவில்லை. ஒன்றுமே போடாதவருக்கு உரிய திட்டம் எழுதினார்கள்: அன்றைக்கு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று.

முதல் ஊசி போட்ட அன்று ராத்திரியே தோளிலிருந்து முழங்கை வரை கை வீங்கிவிட்டது. வீடியோவில் காட்டினான். சட்டைக்கை இறுகி, தோல் பளபளவென்று சிவந்திருந்தது. நான்கு நாள் விடுப்பு, அதுவும் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில். டெட்டனஸுக்கு எதிரான சத்து உடம்பில் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும்போது மறுபடியும் அதே மருந்தைச் செலுத்தினால், அது ஊசி போட்ட இடத்திலேயே மோதி இப்படி வீங்கும். சில மணி நேரத்தில் ஆரம்பித்து ஒரு சில நாளில் வடியும். இரத்தப் பரிசோதனையிலும் டெட்டனஸ் எதிர்ப்பு மிக அதிகம் என்றே வந்தது.

அப்படியானால் அந்த ஊசியே தேவையில்லையா என்றால், தேவைதான். அங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நாம் வாயால் "டிடி" என்று சொல்வது இரண்டு வேறு ஊசிகளை. ஒன்றில் டெட்டனஸ் மட்டும். மற்றதில் டெட்டனஸும் டிப்தீரியாவும், அதாவது தொண்டை அடைப்பானும், சேர்ந்து இருக்கும். தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். சீட்டில்தான் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தும் ஒரே பெரிய எழுத்தாக இருந்தால் டெட்டனஸ் மட்டும். இரண்டாவது எழுத்து வேறாக, சின்னதாக இருந்தால் டிப்தீரியாவும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு டிப்தீரியா மருந்தை அளவு குறைத்துச் சேர்ப்பதால்தான் அந்த எழுத்தும் சின்னது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் முன்பு டெட்டனஸ் மட்டும்தான் போட்டார்கள். 2019 வாக்கில்தான் இரண்டும் சேர்ந்ததற்கு மாறினார்கள். காயத்துக்குப் போகும் தனியார் கிளினிக்கில் இன்றும் பழையதையே எடுக்கிறார்கள். போன வாரம் என் அம்மா காலில் தகரம் கிழித்தபோது நானே ஆம்பூலை வாங்கிப் பார்த்தேன்.

இப்போது தம்பியின் கணக்கைப் பாருங்கள். டெட்டனஸ் தேவைக்கு மேல். டிப்தீரியா கடைசியாக 5 வயதில், அதாவது 26 வருட இடைவெளி. மலப்புரத்தில் 2016-இல் தொண்டை அடைப்பான் பரவியது குழித்துறைக்காரர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

அந்த 5 வயதுக் கணக்கு எப்படித் தெரிந்தது? சித்தி டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்த தடுப்பூசி அட்டையைக் கண்டுபிடித்தார். 1994-இல் பிறந்தவனுக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் முத்தடுப்பூசி, ஒன்றரை வயதில் ஒன்று, 5 வயதில் ஒன்று. கிராம நர்ஸ் அக்காவின் நீல மைக் கையெழுத்து, ஆரம்ப சுகாதார நிலைய முத்திரையோடு அப்படியே இருந்தது. படம் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மழையில் குடையோடு வரப்பில் நடந்து வந்து போட்டுப் போனவர் அவர்.

அந்த அட்டையைக் காட்டியதும் எல்லாம் மாறியது. அடிப்படை ஊசிகள் முழுசாக இருப்பதால், எத்தனை வருடம் விட்டுப் போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், ஒரு பூஸ்டர் போதும் என்றார் மருத்துவர். அந்த ஒன்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மீதி இரண்டையும் அடித்துவிட்டார். அட்டையில் இருந்ததை மஞ்சள் புத்தகத்திலும் ஏற்றிக்கொடுத்தார்.

ஆகவே கிளம்பும் முன் அட்டையைத் தேடுங்கள். கிடைத்தால் அசலைக் கைப்பையில் வையுங்கள், படம் எடுத்து போனிலும் வையுங்கள். பெரியவர்கள் பூஸ்டர் இங்கேயே போடுவதாக இருந்தால் "டிப்தீரியா சேர்ந்தது வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சமீபத்தில் காயத்துக்கு டெட்டனஸ் போட்டிருந்தால் அந்தத் தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், எப்போது போடுவது என்று அவர் முடிவு செய்யட்டும். போட்ட பிறகு பெயர், தேதி, தொகுதி எண், கையெழுத்து, முத்திரை இல்லாமல் எழுந்து வராதீர்கள். ஜெர்மனியில் போடுவதானால் காப்பீட்டிலேயே அடங்கும், முதல் பூஸ்டரில் கக்குவான் இருமல் மருந்தும் சேர்த்துப் போடுவார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பள்ளிக்கூடத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் ஊசி போடும் நாளில் பிள்ளை அட்டை கொண்டு போகாது. பதிவேட்டில் எழுதுவார்கள், வீட்டு அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். என் மகளுக்கு அப்படித்தான் ஆனது, சுகாதார நிலையத்துக்கு இரண்டு தடவை போய் எழுதி வாங்கினேன். ஜெர்மனியில் பள்ளி வயது பூஸ்டர் 5-6 வயதில் ஒன்று, 9 முதல் 16 வயதுக்குள் ஒன்று. இங்கே 10 வயதில் போட்டதற்கு எழுத்து இருந்தால் டெட்டனஸ், டிப்தீரியா கணக்கில் சேரும். கக்குவானும் போலியோவும் அங்கே அந்த வயதில் சேர்ந்து வருவதால் அதைத் தனியாகக் கேட்பார்கள்.

அப்புறம், அங்கே ஒவ்வொரு கீறலுக்கும் ஊசி கிடைக்காது. பூஸ்டர் பத்து வருடத்துக்கு ஒரு முறை. நடுவில் காயம் பட்டால் சின்னச் சுத்தமான காயத்துக்கு அதே பத்து வருடக் கணக்கு, ஆழமான அல்லது மண் பட்ட காயத்துக்கு ஐந்து வருடம். அதற்குள் போட்டது புத்தகத்தில் இருந்தால் காயத்தைக் கழுவிக் கட்டி அனுப்பிவிடுவார்கள். கோபப்பட வேண்டாம். புத்தகம் இல்லாமல் மண் பட்ட காயத்தோடு போனால் தடுப்பூசியோடு டெட்டனஸ் எதிர்ப்புப் புரத ஊசியும் சேர்த்து இரண்டாகப் போடுவார்கள்.

தம்பியின் மஞ்சள் புத்தகத்தில் அடுத்த தேதி 2035 அக்டோபர். சித்தி அந்த நீல மை அட்டையை லேமினேட் செய்து கொரியரில் அனுப்பிவிட்டார்.