கிராமக் குழு, வார்டு குழுப் பதவியை ராஜினாமா செய்வது எப்படி? தலைவருக்குக் கடிதம் எழுதும் முறை

தேர்தலில் நின்று ஜெயித்து வந்த பதவியை விட்டு விலகுவதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம் பிசகினால், நீங்கள் விலகினீர்களா இல்லையா என்றே சண்டை வரும். வேலையை விடுவது போலத்தானே என்று நினைத்து எழுதுவதால் வரும் வினை இது. வேலைக்கு வைத்தவரிடம் விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். இங்கே உங்களை வைத்தவர் தலைவர் அல்ல, வாக்காளர்கள். தலைவருக்கு எழுதுவது, அவர் கூட்டத்துக்குத் தலைமை வகித்து, இடம் காலியானதைப் பதிவு செய்ய வேண்டியவர் என்பதால்தான்.

ஒரு உதாரணத்தை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். ஒருவர் கிராமக் குழுவில் 7ஆம் வார்டு உறுப்பினர். அதே குழுவின் செயலாளராகவும் உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 30ஆம் தேதியோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜூன் 5ஆம் தேதி அவர் எழுதி வைத்த முதல் வரைவு இது:

"வேலை நிமித்தம் வெளியூர் செல்ல வேண்டியிருப்பதால், எனது பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

படிக்கும்போது மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அடைப்போம்.

படி 1: விதியை எடுத்துப் படியுங்கள்

பேனாவை எடுக்கும் முன், உங்கள் குழு எந்தச் சட்டத்தின் அல்லது துணைவிதியின் கீழ் இயங்குகிறதோ அதில் "பதவி விலகல்" என்ற பிரிவைத் தேடுங்கள். பெரும்பாலும் நாலைந்து வரிதான் இருக்கும். கடிதம் யாருக்கு, விலகல் எந்த நாளிலிருந்து செல்லும், கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா ஆகிய மூன்றுக்கும் விடை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சில விதிகளில் கடிதம் தலைவர் கைக்குப் போன நொடியே பதவி காலி. சிலவற்றில் தலைவரோ குழுவோ ஏற்ற பிறகுதான். வேறு சிலவற்றில் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடும் தேதியிலிருந்து. முதல் வகை விதி உள்ள இடத்தில், "மாதக் கடைசியிலிருந்து" என்று எழுதி இன்றே கொடுத்தால் இன்றே பதவி போனதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கே கடிதத்தை மாதக் கடைசி வரை கையிலேயே வைத்திருப்பது நல்லது. நம் உதாரணக்காரரின் விதி மூன்றாவது வகை: தேதி சொன்னால் அந்தத் தேதி, சொல்லாவிட்டால் கடிதம் கிடைத்த நாள். ஆக, முதல் வரைவை அப்படியே கொடுத்திருந்தால், அது ராஜினாமாவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டாலும், ஜூன் 5ஆம் தேதியே அவர் பதவி முடிந்திருக்கும். அதன் பிறகு செயலாளர் என்று போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் கேள்விக்குள்ளாகும்.

படி 2: எந்தப் பதவி என்று முடிவு செய்யுங்கள்

"எனது பொறுப்பு" என்றால் எது? செயலாளர் பொறுப்பா, வார்டு உறுப்பினர் பதவியா? இரண்டும் வேறு. செயலாளர் பொறுப்பை மட்டும் விட்டால் அவர் உறுப்பினராகத் தொடர்வார். அந்தப் பொறுப்புக்கு உறுப்பினர்களே இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். உறுப்பினர் பதவியை விட்டால் அந்த வார்டே காலியாகிறது. அதை நிரப்ப வாக்காளர்களிடம் போக வேண்டியிருக்கும். வேலைப்பளு தாங்காமல் செயலாளர் வேலையை மட்டும் இறக்கி வைக்க நினைத்தவர், கடிதத்தில் தெளிவில்லாததால் உறுப்பினர் பதவியையே இழந்து நிற்கும் வாய்ப்பும் உண்டு. இரண்டையும் விடுவதானால் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு பெறுநர் என்று விதி சொன்னால் இரண்டு கடிதம்.

படி 3: பெறுநரைச் சரியாக எழுதுங்கள்

பெயருக்கு அல்ல, பதவிக்கு எழுத வேண்டும். "தலைவர் அவர்கள்" என்று போட்டு, கீழே குழுவின் முழுப் பெயரும் அலுவலக முகவரியும். நடுவில் தலைவர் மாறினாலும் கடிதம் செல்லும். தலைவர் விடுப்பில் இருந்தால் "பொறுப்புத் தலைவர்" என்று எழுதலாம்.

புதியவர்கள் சிலர், வெற்றிச் சான்றிதழ் கொடுத்த தேர்தல் அலுவலருக்கு எழுதிவிடுகிறார்கள். விதி அப்படிச் சொன்னாலொழிய அது வீண். முடிவை அறிவித்ததோடு அந்தத் தேர்தலில் அவர் வேலை முடிந்தது. விலகுபவரே தலைவர் என்றால் தனக்குத் தானே எழுத முடியாது. துணைத் தலைவரா, மேல் அதிகாரியா என்பதை விதி சொல்லும்.

படி 4: விலகும் வாக்கியம்

"விலக விரும்புகிறேன்", "விலகலாம் என்று இருக்கிறேன்", "விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" மூன்றுமே ஆபத்தானவை. முதல் இரண்டும் எண்ணத்தைச் சொல்கின்றன, மூன்றாவது விண்ணப்பம். பிறகு யாராவது "அவர் கேட்டார், நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று இழுத்தடிக்க அதுவே இடம் கொடுக்கும். "பதவி விலகுகிறேன்" என்று முடிக்கும் வினை வர வேண்டும்.

நிபந்தனையும் கூடாது. "இந்த மாதத்துக்குள் சாலை போடாவிட்டால் விலகுகிறேன்" என்பது மிரட்டல். அதை ராஜினாமாவாக எவரும் பதிவு செய்ய முடியாது. தேதி ஒன்றே ஒன்று இருக்கட்டும். "30ஆம் தேதி முதல்" என்று ஒரு பத்தியிலும் "தாங்கள் ஏற்கும் நாள் முதல்" என்று இன்னொரு பத்தியிலும் வந்தால் இரண்டும் மோதும்.

காரணத்துக்கு ஒரு வரி போதும். "சொந்தக் காரணங்களால்" என்பதே தாராளமாகப் போதும். குழுவில் நடக்கும் முறைகேடு பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தனிப் புகாராகக் கொடுங்கள். ராஜினாமா கூட்டத்தில் வாசிக்கப்படும், தீர்மானப் புத்தகத்தில் ஏறும். கோபத்தில் எழுதிய வரி உங்கள் பெயரோடு அங்கேயே தங்கிவிடும். புகாரும் ராஜினாமாவும் ஒரே தாளில் இருந்தால் ராஜினாமாவை மட்டும் எடுத்துக்கொண்டு புகாரைக் கிடப்பில் போடுவதும் சுலபம்.

"எவருடைய வற்புறுத்தலும் இன்றி" என்ற சொற்றொடரைச் சேர்ப்பது வெறும் சடங்கு அல்ல. இந்தியாவில் 1974இல் வந்த 33ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் ராஜினாமா தானாக முன்வந்து கொடுத்ததா, உண்மையானதா என்று அவையின் தலைவர் பார்க்க வேண்டும் என்று சேர்த்தது. மிரட்டி எழுதி வாங்குவது அந்த அளவுக்கு நடக்கக்கூடியது. இதே காரணத்துக்காக, தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியை அவர்கள் வசதிக்கு நிரப்பிக்கொள்வார்கள்.

படி 5: முழுக் கடிதம்

அனுப்புநர்
(பெயர்), 7ஆம் வார்டு உறுப்பினர் மற்றும் செயலாளர்,
(வீட்டு முகவரி)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
(குழுவின் முழுப் பெயர், அலுவலக முகவரி)

நாள்: ஜூன் 5, (ஆண்டு)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: 7ஆம் வார்டு உறுப்பினர் பதவி மற்றும் குழுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகல் – தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: (சட்டம் அல்லது துணைவிதியின் பெயர், பிரிவு எண்).

மேற்படி குழுவின் 7ஆம் வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, குழுவின் செயலாளராகவும் பணியாற்றி வருகிறேன். பணி நிமித்தம் வெளியூரில் குடியேற இருப்பதால், பார்வையில் காணும் பிரிவின்படி, மேற்கண்ட உறுப்பினர் பதவி, செயலாளர் பொறுப்பு ஆகிய இரண்டிலிருந்தும் ஜூன் 30, (ஆண்டு) பிற்பகல் முதல் பதவி விலகுகிறேன். எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சுயவிருப்பத்தின்பேரில் இம்முடிவை எடுத்துள்ளேன்.

இக்கடிதத்தை அடுத்த கூட்டத்தின் முன் வைத்துப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வசமுள்ள பதிவேடுகளையும் பொருட்களையும் தாங்கள் குறிப்பிடும் நபரிடம் மேற்கண்ட நாளுக்குள் ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
(பெயர், பதவி)

"கேட்டுக்கொள்கிறேன்" இங்கேயும் வருகிறதே என்று தோன்றலாம். கேட்பது பதிவு செய்யச் சொல்லி மட்டுமே. விலகல் அதற்கு முந்தைய பத்தியிலேயே முடிந்துவிட்டது. கையெழுத்து, குழுவின் வருகைப் பதிவேட்டில் வழக்கமாகப் போடும் அதே கையெழுத்தாக இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று விதி சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கொடுத்ததற்கு அத்தாட்சி

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கையெழுத்து, அலுவலக முத்திரை, தேதி எல்லாம் வாங்குங்கள். கிடைத்த நாளே கணக்கு என்று விதி சொல்லும் இடத்தில் நேரமும் குறிக்கச் சொல்லுங்கள். உள்வரும் தபால் பதிவேடு இருந்தால் அதன் வரிசை எண்ணையும் உங்கள் பிரதியில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் வகைத் தபாலில் அன்றே அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவது தகவலுக்குச் சரி. விதி அனுமதிக்காதவரை அது ராஜினாமா ஆகாது. கூட்டத்தில் எழுந்து "நான் விலகுகிறேன்" என்று வாயால் சொன்னதும் அப்படித்தான்.

படி 7: 30ஆம் தேதி வரை

கடிதம் கொடுத்துவிட்டார் என்றாலும், நம் உதாரணக்காரர் ஜூன் 30 வரை உறுப்பினர்தான். நடுவில் வரும் கூட்டத்துக்குப் போகலாம், வாக்களிக்கலாம். அங்கே தீர்மானப் புத்தகத்தில் தன் விலகல் எப்படி எழுதப்படுகிறது என்று அவர் பார்க்க வேண்டும். "செயலாளர் விலகினார்" என்று மட்டும் எழுதினால், உறுப்பினர் பதவியையும் சேர்க்கச் சொல்லி அங்கேயே திருத்த வேண்டும்.

மனம் மாறினால்? இனி வரப்போகும் ஒரு தேதியிலிருந்து என்று எழுதிக் கொடுத்த ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்கு முன் பல இடங்களில் திரும்பப் பெறலாம். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி 1977 மே மாதம், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலையில் அதை ரத்து செய்து மறு கடிதம் போட்டார். குறித்த தேதி வரும் முன் திரும்பப் பெற்றது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. ஆனால் "கொடுத்ததே இறுதி" என்று உங்கள் விதி சொன்னால் இந்த வழி கிடையாது. திரும்பப் பெறுவதும் எழுத்தில்தான்: முதல் கடிதத்தின் தேதியைப் பார்வையில் காட்டி, அதே பெறுநருக்கு, அதே மாதிரி ஒப்புகையோடு.

கடைசி வாரம் ஒப்படைப்பு. தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம், முத்திரை, சாவி, வங்கிக் காசோலைப் புத்தகம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். காசோலைப் புத்தகத்தில் கடைசியாகப் பயன்படுத்திய எண்ணையும் மீதித் தாள்களின் எண்ணையும் குறியுங்கள். ரசீதுப் புத்தகத்துக்கும் அதே மாதிரி. பட்டியலில் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்து இருந்தால், அதை நீக்கச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டு வங்கிக்கு அனுப்பியதா என்பதையும் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.