சேவை முடங்கியதற்கான விளக்க மெயில்: காரணத்தை எங்கிருந்து தொடங்குவது?

சேவை தடைபட்டதை விளக்கி மெயில் எழுதும்போது, வாடிக்கையாளர் திரையில் என்ன பார்த்தாரோ அதிலிருந்தே தொடங்குங்கள். "எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியானதால் சேவை பாதிக்கப்பட்டது" என்பதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

"இன்று காலை 9:10 முதல் 10:25 வரை எங்கள் தளத்தைத் திறந்தவர்களுக்கு 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்ற எச்சரிக்கை வந்தது. இது எங்கள் தளம்தான் என்று பிரவுசருக்கு உறுதிசெய்யும் சான்றிதழை நாங்கள் உரிய நேரத்தில் புதுப்பிக்கவில்லை. 10:25-க்குப் புதியதைப் பொருத்திவிட்டோம். இனி அது தானாகவே புதுப்பிக்கப்படும். அது நடக்காவிட்டால், காலாவதிக்கு 20 நாள் முன்பே எங்களில் இரண்டு பேருக்குத் தகவல் வரும்."

தான் பார்த்த எச்சரிக்கையும் நேரமும் இருப்பதால், இது தன் பிரச்சினைதான் என்று படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். "எனக்கும் அதுதானா?" என்று கேட்டு வரும் மெயில்கள் குறையும். அப்புறம், "கண்காணிப்பை வலுப்படுத்துவோம்" என்ற வரி வேண்டாம், அதை யாரும் நம்புவதில்லை.

காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்றால் இந்த முறை சரிவராது. என்ன நடந்தது, இப்போது நிலைமை என்ன, அடுத்த தகவல் எப்போது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தகவல் கசிந்திருந்தால் அது வேறு விவகாரம். உங்கள் நிறுவனத்தின் சட்டக் குழு பார்க்காமல் ஒரு வரியும் அனுப்பாதீர்கள்.