‘மேலும்’, ‘இருப்பினும்’, ‘எனவே’: மனுவிலும் கட்டுரையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் மனு எழுதுவதற்கான காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. சாம்பல் தூசி, எண்ணெய்ப் படலம், தண்ணீர் வடியாத சுரங்கப்பாதை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இந்த மனுக்களையும் கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரைகளையும் திருத்திக் கொடுக்கும்போது நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ‘மேலும்’ அல்லது ‘எனவே’ உட்கார்ந்திருக்கும். எழுத்துப்பிழையைவிட இது மோசம். சொல்ல வந்த காரணத்தையே மறைத்துவிடும்.

எண்ணூரைப் பற்றி இப்படி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம்:

“கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. மேலும், ஆற்றின் ஆழம் குறைந்துள்ளது. மேலும், இறால் வரத்து குறைந்துள்ளது. இருப்பினும், மீனவர்கள் கடலுக்குச் செல்கின்றனர். எனவே, ஆற்றைத் தூர்வார வேண்டும்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் முதல் ‘மேலும்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். சாம்பல் ஒரு புகார், ஆழம் குறைந்தது இன்னொரு புகார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டது. உண்மையில் சாம்பல் படிந்ததால்தான் ஆழம் குறைந்தது. மனுவைப் படிக்கும் அதிகாரி, ஆழம் குறைந்ததற்கு வண்டல்தான் காரணம் என்று பதில் எழுதி முடித்துவிடலாம். அந்த வழியை நாமே திறந்து வைத்திருக்கிறோம்.

‘இருப்பினும்’ இன்னும் தவறு. ஆற்றில் இறால் இல்லாததால்தானே கடலுக்குப் போகிறார்கள்? அது முரண் இல்லை, விளைவு. அப்புறம் அந்த ‘எனவே’. முன்னால் சொன்னவற்றிலிருந்து தூர்வாரும் முடிவு தானாக வந்துவிடாது. சாம்பல் எங்கிருந்து வருகிறது, அது நிற்குமா என்ற வாக்கியமே பத்தியில் இல்லை. அது இல்லாமல் தூர்வாரினால் மறுபடி படியும்.

இதைச் சுட்டிக்காட்டினால் பலர் ‘மேலும்’ என்பதை எடுத்துவிட்டு ‘அதுமட்டுமின்றி’ என்று போடுகிறார்கள், ‘எனவே’ போய் ‘ஆகையால்’ வருகிறது. சொல் மாறியதே தவிர இணைப்பு மாறவில்லை. செய்ய வேண்டியது வேறு. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ‘ஏன்?’, ‘அதனால் என்ன ஆச்சு?’, ‘எப்போது?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். எந்தக் கேள்விக்கு இரண்டாவது வாக்கியம் பதில் சொல்கிறதோ அதுதான் இணைப்பு. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாவிட்டால் நடுவில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது. தமிழில் அந்த இணைப்புக்குத் தனிச்சொல்கூட அநேகமாகத் தேவைப்படாது. படிந்ததால், படிந்தபின், படிந்தாலும், படியப் படிய என்று வினைச்சொல்லே அதைத் தாங்கிக்கொள்ளும்.

திருத்திய பத்தி:

“அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைசலைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிவதால் முகத்துவாரப் பகுதியில் சாம்பல் படிந்து, ஆற்றின் ஆழம் குறைந்துவிட்டது. இறால் வரத்தும் குறைந்திருக்கிறது. ஆற்றில் பிடிக்க எதுவும் இல்லாததால் மீனவர்கள் டீசல் போட்டுக் கடலுக்குப் போகிறார்கள். கசிவை அடைத்தபின் தூர்வாரினால்தான் ஆழம் நிற்கும்.”

கோரிக்கையே மாறிவிட்டது பாருங்கள். முன்பு தூர்வாரச் சொன்னோம், இப்போது முதலில் குழாயைச் சரிசெய்யச் சொல்கிறோம்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் ‘ஆல்’ போடவில்லை. ‘ஆழம் குறைந்ததால் இறால் குறைந்தது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் மின்நிலையங்களின் சுடுநீரும் அந்த ஆற்றில்தான் விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்தது. இத்தனை இருக்கும்போது ஒன்றை மட்டும் காரணமாகக் கட்டினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு முடிச்சைத்தான் பிடித்து இழுக்கும். அதனால்தான் ‘வரத்தும்’ என்று ஓர் ‘உம்’ போட்டு நிறுத்தியிருக்கிறேன். அதேபோல், ‘புயலுக்குப் பிறகு மீன் குறைந்தது’ என்பதற்குக் கண்ணால் பார்த்தவர் சாட்சி போதும். ‘புயலால் குறைந்தது’ என்றால் ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக்கூடாது.

சரி, இந்தச் சொற்களை அடியோடு ஒழிக்க வேண்டுமா? வேண்டாம். ‘குழாயை மாற்றினார்கள். ஆனால் கசிவு நிற்கவில்லை’ என்ற இடத்தில் ‘ஆனால்’ கட்டாயம் வேண்டும். குழாயை மாற்றினால் கசிவு நிற்கும் என்று படிப்பவர் எதிர்பார்த்திருப்பார், அந்த எதிர்பார்ப்பு இங்கே உடைகிறது. ‘எனவே’யும் அப்படித்தான். நாலைந்து வாக்கியங்களில் காரணங்களைச் சொல்லி முடித்து, அவை எல்லாம் சேர்ந்து ஒரு கோரிக்கைக்கு வரும் இடத்தில் அதைத் தாராளமாகப் போடலாம். ஒரு மனுவில் அப்படி ஓரிடம்தான் பெரும்பாலும் இருக்கும்.