துணி லேபிளில் படம் வேறு, எழுத்து வேறு

சட்டைக் காலருக்குள் இருக்கும் குட்டி லேபிளை வாசிக்க முடியவில்லையா? சாய்வான வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். அப்புறம் இரண்டு சுற்றாகப் படியுங்கள்: முதலில் படங்கள் மட்டும், பிறகு எழுத்துகள்.

படங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும்: தொட்டி துவைக்க, முக்கோணம் பிளீச்சுக்கு, சதுரம் உலர்த்த, இஸ்திரிப்பெட்டி, கடைசியில் டிரை கிளீனிங்குக்கு வட்டம். படத்துக்குள் இருக்கும் எண்ணும் எழுத்தும் படத்தைச் சேர்ந்தவை. தொட்டிக்குள் 30 என்றால் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. வட்டத்துக்குள் 'பி' என்பது சலவைக்காரர் எந்தக் கரைப்பானில் துவைக்கலாம் என்ற குறிப்பு, நமக்கானது அல்ல. போனில் எழுத்தை நகலெடுக்கும் வசதி, வெறும் வட்டத்தை 'ஓ' என்று எடுத்துவிடக்கூடும். அதனால் எழுத்துப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எம்பிராய்டரி போட்ட காட்டன் குர்தா ஒன்றைப் பாருங்கள். தொட்டியில் 30, அடியில் ஒரு கோடு: மென்மையாகச் சுற்ற வேண்டும். சதுரத்தின் மூலையில் இரண்டு சாய்கோடுகள்: நிழலில் உலர்த்த வேண்டும். இஸ்திரிப்பெட்டியில் ஒரு புள்ளி: குறைந்த சூடு மட்டும். காட்டன் என்றாலே நல்ல சூடு தாங்குமே, ஏன் ஒரு புள்ளி? விடை எழுத்தில் இருக்கிறது: '100% காட்டன், அலங்காரம் நீங்கலாக'. எம்பிராய்டரி நூல் அந்தக் கணக்கில் இல்லை. அது பாலியஸ்டராக இருந்தால் அதிகச் சூட்டில் சுருங்கிவிடும். 'உட்புறமாகத் திருப்பித் தேய்க்கவும்' என்பதும் எழுத்தில்தான் வரும், அதற்குப் படம் கிடையாது.