சமையல் வீடியோவைக் கண் தெரியாதவர்களும் பார்த்துச் சமைக்க

"இதுல இவ்வளவு போட்டுக்கோங்க, இந்தப் பதம் வந்ததும் எடுத்துடுங்க." பார்வையற்றவருக்கு இதில் எதுவுமே கிடைக்காது. படம் பிடிக்கும்போதே "மாவுல அரை ஸ்பூன் மிளகு சேர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால், பிறகு திரையில் நடப்பதை விளக்கும் விவரணைக் குரலைத் தனியாகச் சேர்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். வடை பொன்னிறமாக வேண்டும் என்பதோடு, எண்ணெயின் சலசலப்பு அடங்குவதையும் சொல்லுங்கள். அந்தச் சத்தம் கேட்கும்படி அங்கே பின்னணி இசையை நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால், சமையல் வீடியோவுக்கு இசையே வேண்டாம்.

வீடியோவில் ஓடும் எழுத்தை, ஃபோன், கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக், என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் தாமாக வாசிக்காது. அவற்றுக்கு அது வெறும் படம்தான். சப்டைட்டில் போட்டாலும், பேசியதுதான் அதில் வரும், செய்தது வராது. ஆகவே அளவுகளை வாயாலும் சொல்லி, வீடியோவுக்குக் கீழே உள்ள விளக்கப் பகுதியில் ஒரு வரிக்கு ஒரு பொருளாகத் தட்டச்சு செய்யுங்கள். வரிசையாக எமோஜி வேண்டாம், அவற்றின் பெயரையும் ஸ்கிரீன் ரீடர் வாசித்துக்கொண்டிருக்கும்.

வெளியிடும் முன், செய்முறை தெரியாத ஒருவரைத் திரையைப் பார்க்காமல் கேட்கச் சொல்லுங்கள். அவர் "எவ்வளவு?", "எதை?" என்று கேட்கும் இடங்களில் மட்டும் குரலைச் சேர்த்தால் போதும்.